ஓடினான், ஓடியது, ஓடின: ஒரே வினையில் எல்லா விகுதிகளும்

“என் மகள் நான்காம் வகுப்பு படிக்கிறாள். ‘நாய்கள் ஓடியது’ என்று எழுதியதற்கு ஆசிரியர் சிவப்பு மையால் கோடு போட்டிருக்கிறார். அடுத்த வரியில் ‘நாய்கள் ஓடும்’ என்று இருக்கிறது, அதற்குக் கோடு இல்லை. ஒரு கதையில் ‘அவன் ஓடியது யாருக்கும் தெரியாது’ என்று படித்தேன், அதுவும் சரி என்கிறார்கள். மகளுக்கு விளக்க எனக்கே தெரியவில்லை. ஓடு என்ற ஒரே சொல்லை வைத்து இந்த விகுதிகளை அடியிலிருந்து யாராவது சொல்ல முடியுமா?”

ஓடு என்பது இதற்குத் தோதான சொல். மனிதன் ஓடுவான், நாய் ஓடும், பஸ் ஓடும், கடிகாரமும் ஓடும். எந்த எழுவாயோடும் சேர்த்துப் பார்க்கலாம்.

முதலில் எதையும் ஒட்டாமல் ‘ஓடு!’ என்று மட்டும் சொல்லிப் பாருங்கள். எதிரே நிற்கும் ஒருவரை, ‘நீ’ என்று அழைக்கக்கூடிய ஒருவரை, ஏவுகிறீர்கள். யார் ஓட வேண்டும் என்பது முகத்தைப் பார்த்துச் சொல்வதிலேயே தெரிந்துவிடுவதால் சொல்லுக்கு வேறு வால் தேவைப்படவில்லை. இந்த வெறும் ‘ஓடு’தான் பகுதி. இனி வரப்போகும் ஓடு வடிவங்களில் எல்லாம் இதுவே முன்னால் நிற்கும்.

அடுத்து காலம். நடந்து முடிந்ததற்கு ‘இன்’, நடப்பதற்கு ‘கிறு’, நடக்கப்போவதற்கு ‘வ்’. ஓடு + இன், ஓடு + கிறு, ஓடு + வ். இவை மூன்றும் இன்னும் சொல்லாகவில்லை. ‘ஓடின்’, ‘ஓடுகிறு’ என்று யாரும் பேசுவதில்லை. எப்போது என்பது வந்துவிட்டது, யார் என்பது வரவில்லை. அந்த ‘யார்’தான் விகுதி. நான் ஓடினால் ‘ஏன்’ ஒட்டும்: ஓடினேன், ஓடுகிறேன், ஓடுவேன்.

ஒட்டும்போது ஓர் உகரம் மறைவதைக் கவனியுங்கள். ஓடு + இன் என்பது ‘ஓடுஇன்’ ஆகவில்லை, ‘ஓடின்’ ஆயிற்று. கிறு + ஏன் ‘கிறேன்’ ஆயிற்று. பின்னால் உயிரெழுத்து வந்தால் முன்னால் நிற்கும் குற்றியலுகரம் தன் மெய்யை விட்டுவிட்டுப் போய்விடும். ஓடுவேன் என்பதில் பின்னால் வருவது வ் என்ற மெய், அதனால் உகரம் இருந்த இடத்திலேயே இருக்கிறது. 13ஆம் நூற்றாண்டில் நன்னூல் எழுதிய பவணந்தியார் இந்த விதியை ‘உயிர்வரின் உக்குறள் மெய்விட் டோடும்’ என்று சொன்னார். அவருக்கும் ஓடு என்ற வினைதான் கைகொடுத்திருக்கிறது. அந்த ‘ஓடும்’ என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் மகளின் இரண்டாவது வாக்கியத்துக்கு அது வேண்டும்.

இனி காலத்தை இறந்தகாலத்திலேயே நிறுத்திவிட்டு வாலை மட்டும் மாற்றுவோம். ஓடினேன், ஓடினோம். ஓடினாய், ஓடினீர்கள். இவை தன்மையும் முன்னிலையும். பேசுகிறவரும் கேட்கிறவரும் எதிரெதிரே இருக்கும்போது ஆணா பெண்ணா என்று சொல்லத் தேவையில்லை என்று மொழி விட்டுவிட்டது. ‘ஓடினேன்’ என்று எழுதியவர் யார் என்று அந்தச் சொல்லை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. ‘ஓடினீர்’ என்பதும் உண்டு. ஒருவரை மதித்துச் சொல்ல வந்த வடிவம் அது. இன்றைய உரைநடையில் அந்த வேலையையும் ‘ஓடினீர்கள்’ எடுத்துக்கொண்டது.

‘ஓடினோம்’ என்பதில் ஒரு பழைய கதை இருக்கிறது. நாம், நாங்கள் என்ற வேறுபாடு உங்களுக்குத் தெரியும்: கேட்பவரையும் சேர்த்தால் நாம், விட்டுவிட்டால் நாங்கள். இன்று ‘நாம் ஓடினோம்’, ‘நாங்கள் ஓடினோம்’ என்று இரண்டுக்கும் ஒரே விகுதி. நன்னூல் காலத்து இலக்கணத்தில் அப்படி இல்லை. அம், ஆம் என்ற விகுதிகள் கேட்பவரைச் சேர்த்துக்கொள்ளும். எம், ஏம், ஓம் என்பவை எதிரே இல்லாத வேறு யாரையோ சேர்த்துக்கொள்ளும். அந்தக் கணக்கில் ‘ஓடினாம்’ என்றால் நீயும் நானும், ‘ஓடினேம்’ என்றால் நானும் இன்னொருவரும். ‘நாம்’ என்று தனியாகச் சொல்ல வேண்டிய தேவையே இல்லை, வினையே சொல்லிவிடும். ஐந்தில் நான்கு உதிர்ந்து, ‘ஓம்’ மட்டும் மிஞ்சி, இரு பக்கத்துக்கும் பொதுவாகிவிட்டது. எனக்கு இதில் கொஞ்சம் வருத்தம் உண்டு.

படர்க்கைக்கு வருவோம். அவன் ஓடினான், அவள் ஓடினாள், அவர் ஓடினார். பெயரின் கடைசி எழுத்தையும் வினையின் கடைசி எழுத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: ன்–ன், ள்–ள், ர்–ர். குழந்தைக்கு இதைக் காட்டினால் போதும், வாய்பாடு மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. ‘நான்’ என்பதும் ன் என்றே முடிகிறதே என்று மகள் கேட்டால், அங்கே வித்தியாசம் உயிரெழுத்தில் இருக்கிறது என்று சொல்லுங்கள். ஏன் என்றால் நான், ஆன் என்றால் அவன். ஓடினேன், ஓடினான்: ஓர் இரட்டைக் கொம்பு இருப்பதும் இல்லாததும் ஆளையே மாற்றிவிடுகிறது.

பெண்பாலில் ஒரு பள்ளம் உண்டு. ‘அவள் வேகமாக ஓடினால்’ என்று எழுதி முற்றுப்புள்ளி வைப்பவர்கள் ஏராளம். ‘ஓடினால்’ என்பது முடியாத சொல். ஓடினால் என்ன ஆகும், பஸ்ஸைப் பிடித்துவிடுவாளா என்று படிப்பவர் காத்துக்கொண்டிருப்பார். அந்த ‘ஆல்’ நிபந்தனையைக் குறிப்பது, ஆளைக் குறிப்பதில்லை. அதனால்தான் நான் ஓடினால், நீ ஓடினால், நாய் ஓடினால் என்று எல்லோருக்கும் மாறாமல் வரும். அவளுக்கு மட்டுமே உரியது ‘ஓடினாள்’.

‘ஆர்’ விகுதி இடம் மாறி வந்தது. பழைய தமிழில் ‘ஓடினார்’ என்றால் பலர் ஓடினார்கள் என்று பொருள். மதிப்புக் காட்ட ஒருவரையும் பன்மையில் சொல்லும் வழக்கம் பரவியபோது ‘ஓடினார்’ மெல்ல மெல்ல ஒருவருக்கே உரியதாகிவிட்டது. பலருக்கு வேறு வேண்டுமே? பெயருக்கு ஒட்டும் ‘கள்’ளை வினையின் மேலும் ஒட்டினார்கள்: ஓடினார்கள். ஒரு பன்மை விகுதியின் மேல் இன்னொன்று. குறிலாக இருக்கும் ‘அர்’ மட்டும் பழைய வேலையிலேயே நின்றுவிட்டது. ‘பொதுமக்கள் அலறியடித்து ஓடினர்’ என்று செய்தித்தாளில் படிக்கிறோமே, அது இன்றும் பன்மைதான். ‘அமைச்சர் ஓடினர்’ என்று ஒருவருக்கு எழுதினால் தவறு. கால் எழுத்து விடுபட்ட தட்டச்சுப் பிழை என்று பலர் நினைக்கிறார்கள், உண்மையில் அங்கே எண்ணே மாறிவிடுகிறது.

இந்த ‘ஆர்’ யாருக்குக் கிடைக்கிறது என்பதை இலக்கணம் முடிவு செய்வதில்லை, வீடும் ஊரும் முடிவு செய்கின்றன. பழைய சிறுகதைகளில் ‘அப்பா ஓடினார், அம்மா ஓடினாள்’ என்று ஒரே வரியில் பார்க்கலாம். இரண்டும் இலக்கணப்படி சரி. மகள் ‘அம்மா ஓடினார்’ என்று எழுதினாலும் சரி.

இதுவரை வந்ததில் பெரும்பாலும் யாருக்கும் தடுமாற்றம் வராது, ஏனென்றால் வாயிலும் இந்த வேறுபாடுகள் இருக்கின்றன. சிவப்பு மை தொடங்குவது அஃறிணையில். பேச்சில் ஒரு நாய்க்கும் பத்து நாய்க்கும் நாம் ஒரே வினையைத்தான் சொல்கிறோம். எழுத்தில் இரண்டு இருக்கின்றன. குழந்தை காதால் கேட்டதை எழுதுகிறாள், காது அவளுக்கு ஒன்றைத்தான் கொடுத்திருக்கிறது. ஆகவே இதை எழுத்தில் மட்டுமே வாழும் வேறுபாடு என்று சொல்லித்தான் கற்றுக்கொடுக்க வேண்டும். ‘சொல்லிப் பார், தெரியும்’ என்பது இங்கே உதவாது.

நாய் ஓடியது. பிரித்தால் ஓடு + இன் + அது. இங்கே இன் தன் ன்-ஐ இழந்து ‘இ’ மட்டும் நிற்கிறது. இ, அ என்ற இரண்டு உயிர்களும் முட்டிக்கொள்ளாமல் இருக்க நடுவே ய் வந்து உட்காருகிறது: ஓடியது. ‘அது’ என்ற சுட்டுப்பெயரே வாலாக நிற்பதைப் பாருங்கள். ‘ஓடிற்று’ என்றும் எழுதலாம். அதில் விகுதி ‘று’, இன்னும் அழியாத பழைய நடை.

நாய்கள் ஓடின. பிரித்தால் ஓடு + இன் + அ. அவ்வளவுதான், பன்மைக்கு ஒற்றை ‘அ’. அவனுக்கும் அவளுக்கும் வந்த அதே ‘இன்’ முழுதாக இருக்க, வால் மட்டும் ஓரெழுத்தாகச் சுருங்கிவிட்டது. ‘ஓடியன’ என்று எழுதுபவர்களும் உண்டு, தவறில்லை. எனக்கு ‘ஓடின’ போதும்.

நிகழ்காலத்தில் நாய் ஓடுகிறது, நாய்கள் ஓடுகின்றன. பன்மையில் இரண்டு மாற்றங்கள் ஒரே நேரத்தில் நடப்பதால் குழந்தைகள் இதில் திணறுவார்கள். ஒன்று, ‘கிறு’ போய் அதன் இன்னொரு வடிவமான ‘கின்று’ வந்திருக்கிறது. மற்றொன்று, ‘அன்’ என்ற சாரியை நடுவே நுழைந்திருக்கிறது: ஓடு + கின்று + அன் + அ. சாரியை இணைப்புக்காக வருவது, அதற்குப் பொருள் கிடையாது. அது விகுதி இல்லை என்பதற்குச் சான்று வேண்டுமானால் ‘ஓடுகின்றனர்’ என்ற சொல்லைப் பாருங்கள்: ஓடு + கின்று + அன் + அர். இரண்டிலும் ‘அன்’ இருக்கிறது. மனிதர்களா நாய்களா என்பதை அதற்குப் பின்னால் வரும் அர், அ என்பவையே சொல்கின்றன. எப்போதும் வலப்பக்கக் கோடியிலிருந்து வெட்டிக்கொண்டு வந்தால் இந்தக் குழப்பம் வராது.

இந்த ஒற்றை ‘அ’ எவ்வளவு சுமக்கும் என்பதை நான் கற்றுக்கொண்டது ஒரு தவறு செய்துதான். பல ஆண்டுகளுக்கு முன்பு மெய்ப்புத் திருத்தும் வேலையில் இருந்தேன். வயதான ஓர் எழுத்தாளரின் கட்டுரையில் ‘மழை வரும் முன்பே மாடு தொழுவத்துக்கு ஓடின’ என்று இருந்தது. மாடு ஒருமை, ஓடின பன்மை, கை தவறி எழுதிவிட்டார் என்று நினைத்து ‘ஓடியது’ என்று திருத்தி அனுப்பினேன். தாள் திரும்பி வந்தபோது என் திருத்தம் அடிக்கப்பட்டிருந்தது. ஓரத்தில் பென்சிலால் ‘என்னிடம் ஒரு மாடு இல்லை’ என்று எழுதியிருந்தார்.

அவர் சொன்னதுதான் சரி. மாடு, குதிரை, மரம், கல் போன்ற அஃறிணைப் பெயர்கள் தம்மளவில் ஒருமையும் இல்லை, பன்மையும் இல்லை. இலக்கணம் அவற்றைப் பால்பகா அஃறிணைப் பெயர் என்று சொல்கிறது. மாடு ஓடியது என்றால் ஒன்று, மாடு ஓடின என்றால் பல. எண்ணைச் சொல்வது முழுக்க முழுக்க வினையின் வால்தான். ‘கள்’ சேர்ப்பது விருப்பம். இன்று நாம் ‘மாடுகள்’ என்று எழுதிப் பழகிவிட்டதால் எண் பெயரிலேயே தெரிந்துவிடுகிறது, வினையில் அதை மறந்தாலும் பொருள் கெடுவதில்லை. ‘நாய்கள் ஓடியது’ என்ற பிழை இவ்வளவு பரவியதற்கு இதுவும் ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. ‘கள்’ இல்லாமல் எழுதச் சொல்லுங்கள். ‘பத்து நாய் ஓடின’ என்று நான்கு முறை எழுதினால் அந்த ‘அ’ எதற்காக இருக்கிறது என்று மகளுக்குப் பிடிபடும்.

இனி அந்த ‘ஓடும்’. எதிர்காலத்தில் நாயும் ஓடும், நாய்களும் ஓடும். ஒருமை பன்மை வேறுபாடே இல்லை, அதனால்தான் ஆசிரியர் கோடு போடவில்லை. காலத்துக்கு ‘வ்’, பாலுக்கு ஒரு விகுதி என்று இங்கே பிரிக்க முடியாது. ‘உம்’ என்ற ஒரே துண்டு இரண்டு வேலையையும் செய்கிறது. மற்ற எல்லாம் துண்டு துண்டாகக் கழன்று வரும்போது இது மட்டும் ஒட்டிப் பிறந்ததுபோல் நிற்கும். பழைய இலக்கணத்தில் இதன் எல்லை இன்னும் பெரியது. ‘அவன் ஓடும்’, ‘அவள் ஓடும்’ என்பவையும் அங்கே செல்லும். நான், நாம், நீ, நீங்கள், அவர்கள் ஆகியோருக்கு மட்டும் கூடாது என்பது நன்னூல் விதி. இன்றைய உரைநடையில் அது அஃறிணைக்குள் சுருங்கிவிட்டது. அஃறிணை வினையையே பெறும் ‘குழந்தை’க்கும் சொல்வோம்: குழந்தை ஓடும், பிடித்துக்கொள்.

‘ஓடும்’ பெயருக்கு முன்னாலும் நிற்கும். ‘ஓடும் பஸ்ஸில் ஏறாதீர்கள்’ என்பதில் அது முடிந்த வினை இல்லை, பஸ்ஸைப் பற்றிச் சொல்லும் பெயரெச்சம். பஸ் ஓடும், ஓடும் பஸ். எழுவாய்க்குப் பின்னால் வந்து வாக்கியத்தை முடித்தால் முற்று, பெயருக்கு முன்னால் வந்தால் எச்சம். இடம்தான் அடையாளம்.

எதிர்காலத்துக்கு ஒருமை பன்மை வடிவங்களே இல்லையா என்றால், இருக்கின்றன. ஓடுவது, ஓடுவன. ஆனால் இவை வினைமுற்றாக நிற்பதைவிடப் பெயராக நிற்பதே அதிகம். ஊர்வன, பறப்பன என்று அறிவியல் பாடத்தில் மகள் படித்திருப்பாள். ஊர் + வ் + அன் + அ. ஊரும் பலவற்றுக்கு அதுவே பெயர். பல்லியும் பாம்பும் அந்த ஒற்றை ‘அ’வுக்குள்தான் இருக்கின்றன.

உங்கள் மூன்றாவது கேள்விக்கும் விடை இங்கேயே கிடைக்கிறது. ‘அவன் ஓடியது யாருக்கும் தெரியாது’ என்பதில் ‘ஓடியது’ அவனுடைய பயனிலை இல்லை. ஓடிய செயலுக்கே அங்கே அது பெயர். அந்தச் செயல் அஃறிணை, ஒன்று, ஆகவே ‘அது’. நான் ஓடியது, நீ ஓடியது, அவர்கள் ஓடியது என்று யாருக்கும் மாறாது. சோதித்துப் பார்க்க எளிய வழி, வேற்றுமை உருபைச் சேர்ப்பது. ‘அவன் ஓடியதை யாரும் பார்க்கவில்லை’ என்று ‘ஐ’ ஒட்டுகிறது. ‘நாய் ஓடியது.’ என்று முடிந்த வாக்கியத்தில் எந்த வேற்றுமை உருபையும் ஒட்ட முடியாது. எழுத்து ஒன்றே, வேலை வேறு.

எழுவாய் கலந்து வந்தால் தன்மைக்குத்தான் முதலிடம். நீயும் நானும் ஓடினோம், அவனும் நானும் ஓடினோம். நான் இல்லாவிட்டால் முன்னிலை வெல்லும்: நீயும் அவனும் ஓடினீர்கள். பையனும் நாயும் சேர்ந்து ஓடினால் எந்த விகுதியைப் போட்டாலும் ஒருவர் முகம் சுளிப்பார். நான் ‘பையனோடு நாயும் ஓடியது’ என்று வாக்கியத்தை மாற்றிவிடுவேன்.

வினை நீண்டால் கவலைப்பட வேண்டாம். ஓடிவிட்டான், ஓடிக்கொண்டிருக்கிறாள், ஓடிப் பார்த்தோம் என்று எத்தனை சேர்ந்தாலும் வால் கடைசி வினைக்கு மட்டும்தான். நடுவில் இருக்கும் ‘ஓடி’ யாருக்காகவும் மாறாது.

எதிர்மறையில் பாதிக்கு வால் உண்டு, பாதிக்கு இல்லை. ஓடமாட்டேன், ஓடமாட்டாய், ஓடமாட்டாள் என்று ‘மாட்டு’ என்பதன் பின்னால் எல்லா விகுதியும் வரும். அஃறிணைக்கு மட்டும் அது வேண்டாம் என்று பழைய வடிவம் நின்றுவிட்டது: கடிகாரம் ஓடாது. பன்மைக்குக் கறாராகச் சொன்னால் ‘கடிகாரங்கள் ஓடா’. இன்று பலரும் ‘ஓடாது’ என்றே எழுதுகிறார்கள், நான் அதைத் திருத்துவதில்லை. நடந்து முடிந்ததை மறுக்கும் ‘ஓடவில்லை’யில் விகுதியே கிடையாது. நான் ஓடவில்லை, அவர்கள் ஓடவில்லை, நாய்கள் ஓடவில்லை. யார் ஓடவில்லை என்பதை எழுவாயைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

‘நான் ஓட வேண்டும்’, ‘என்னால் ஓட முடியும்’ என்பவற்றிலும் ஆளுக்கேற்ற வால் இல்லையே என்று மகள் கேட்கக்கூடும். அந்த வேண்டும், முடியும் இரண்டையும் உற்றுப் பார்க்கச் சொல்லுங்கள். ஓடும் என்பதில் இருக்கும் அதே ‘உம்’தான் அங்கேயும் இருக்கிறது.